சொல்லாக்கம்: 'வசைமீட்பு' சரிவருமா?

நகுலன், மல்லாவி:
சமூக மொழியியல் சொல்லடைவுக்கு ஒரு சொல் வேண்டும். ஊரார் வைத்த வசையை அந்தக் கூட்டத்தாரே எடுத்துத் தங்களுக்குள் வழங்குவதற்கு 'வசைமீட்பு' என்று போட்டிருக்கிறேன்.

யோகேஸ்வரி, தர்மபுரம்:
'மீட்பு' வேண்டாம். இழந்ததைத்தான் மீட்கலாம். 'தோட்டக்காட்டான்' எங்களுடைய சொல்லாக ஒருநாளும் இருந்ததில்லை. 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்த எங்கள் பெற்றோரோடு அதுவும் ஒட்டிக்கொண்டு வந்தது. இப்போது கரப்பந்து ஆடும் எங்கள் பெடியள், பந்தைத் தவறவிட்டவனை "டேய் தோட்டக்காட்டான்" என்று கூப்பிட்டுச் சிரிக்கிறார்கள். காணி அனுமதிப்பத்திரத்துக்குப் போன இடத்தில் மேசைக்கு அந்தப்பக்கம் இருந்தவரும் அதையே சொன்னார்: "தோட்டக்காட்டார் வந்திருக்கினம்." பத்திரம் அவர் கையில். மைதானத்தில் சொன்னவனிடம் எனக்குத் தரவோ மறுக்கவோ எதுவும் இல்லை. அவனும் அந்த வசையைக் கேட்டு வளர்ந்தவன். அதனால் அவன் வாயில் அது, திட்டியவரை நக்கலடிப்பதாகக் கேட்கிறது.

அருள், கிளிநொச்சி:
நன்னூலில் 'குழூஉக்குறி' இருக்கிறதே, புதுச்சொல் எதற்கு?

நகுலன்:
பாதி சரி. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்றது வெளியாருக்கு விளங்காதிருக்க. வசை எல்லோருக்கும் விளங்குகிறது. வெளியார் சொன்னால் சுடுவதும் அதனால்தான்.

தேவன், மாங்குளம்:
யாழ்ப்பாணத்தில் படித்தபோது என்னை 'வன்னிக்காட்டான்' என்றார்கள். நானும் காட்டான்தானே, தங்கச்சி. நான் அந்தப் பெடியளைக் கூப்பிட்டால் ஏன் பிழை? சொல்லுக்கு 'வசைக் கைப்பற்றல்' நல்லது.

யோகேஸ்வரி:
தேவன் அண்ணை, 'வன்னிக்காட்டான்' உங்களுக்கு விழுந்தது, அதை நீங்கள் தாராளமாக எடுங்கள். எங்களைத் 'தோட்டக்காட்டான்' என்றவர்களில் வன்னியாரும் உண்டு. நீங்கள் பகிடியாகச் சொன்னாலும் கேட்பவனுக்கு அது தெரியாது. அவன் முதலில் உங்கள் முகத்தைத்தான் பார்ப்பான்.

நகுலன்:
'கைப்பற்றல்' இங்கே போர்ச்செய்திச் சொல். காது கூசும். அடிக்க ஓங்கிய தடியைப் பறிப்பதுபோல 'வசைப்பறிப்பு' என்றால்? (பொற்கொல்லரின் 'பறி'யோடு மோதுவது தற்செயல்.)

யோகேஸ்வரி:
'பறிப்பு' பரவாயில்லை. ஆனால் எங்கள் விஷயத்துக்குப் பொருந்துமோ தெரியாது. நியூயார்க்கில் 1990இல் தற்பால் ஈர்ப்பினர், தங்களைத் திட்டிய 'குயர்' என்ற வசையையே எடுத்து 'குயர் நேஷன்' என்று இயக்கத்தின் பெயராக வைத்தார்கள், அது பறிப்பு. எங்கள் சமூகம் பொதுவெளியில் அப்படிச் செய்யவில்லை, 'மலையகத் தமிழர்' என்று வேறு பெயரை எடுத்துக்கொண்டது. வசை மைதானத்துக்குள்தான் புழங்குகிறது. அங்கேகூட என் அம்மா அதைக் கேட்டால் எழுந்து போய்விடுவார். 'எங்கட ஆக்கள்' என்பதற்காக அவர் யாருக்கும் அனுமதி கொடுக்கவில்லை.

அருள்:
அப்படியானால் இரண்டு பதிவு வேண்டும். பெயராகவே எடுப்பதற்கு ஒன்று, உள்ளுக்குள் பகிடியாகப் புழங்குவதற்கு ஒன்று.

நகுலன்:
சரி. முதலாவதற்கு 'வசைப்பறிப்பு' என்று கேள்விக்குறியோடு போடுகிறேன். இரண்டாவதற்கு 'அகவசை' என்று யோசித்தேன். தன்னைத்தானே திட்டுவதாகப் படுமோ என்று தயக்கம். வேறு சொல் இருந்தால் எழுதுங்கள்.