கோர்ட்ல விடுதலை, கம்பெனில டிஸ்மிஸ்

ராணிப்பேட்டை தம்பி
எங்க அண்ணன் சிப்காட்ல ஒரு ஷூ கம்பெனில லெதர் ஸ்டோர்ல இருந்தாரு. 60 சதுர அடி லெதர திருடுனாருன்னு போலீஸ் கேஸ் போட்டாங்க, கோர்ட்ல போன மாசம் விடுதலை ஆயிட்டாரு. ஆனா அதே விஷயத்துக்கு கம்பெனி என்கொயரில குத்தம் நிரூபணம்னு டிஸ்மிஸ் பண்ணிட்டாங்க. கோர்ட்டே இல்லன்னு சொன்னத கம்பெனி எப்படி ஆமான்னு சொல்லும்?

பாலாத்தங்கரை
சொல்ல முடியாது தம்பி. நம்ம பக்கத்துல கேஜிஎஃப் தங்கச் சுரங்கத்துல செக்யூரிட்டி ஆபீசர் ஒருத்தர் வீட்ல தங்கமும் தங்க மண்ணும் இருந்துச்சுன்னு இதே மாதிரி கேஸும் போட்டு டிஸ்மிஸும் பண்ணாங்க, கிரிமினல் கோர்ட்ல விடுதலை ஆனாரு, 1999ல சுப்ரீம் கோர்ட் அவர திரும்ப வேலைக்கு எடுக்க சொல்லிருச்சு. விடுதலைன்னா வேலை திரும்ப வரணும், அவ்ளோதான். தீர்ப்பு காப்பிய எடுத்துக்கினு நேரா கம்பெனிக்கு போங்க.

வசந்தி ஆம்பூர்
நான் 18 வருஷமா ஷூ கம்பெனில எச்.ஆர்., பல என்கொயரி பாத்திருக்கேன். தப்பா வழி காட்டாதீங்க சார். கிரிமினல் கோர்ட்ல ஆள ஜெயிலுக்கு அனுப்பணும், அதனால நியாயமான சந்தேகம் துளி இருந்தாலும் விட்ருவாங்க. கம்பெனில கேள்வியே வேற, இந்த ஆள இனிமே ஸ்டோர் சாவியோட நம்பலாமா வேணாமா. ஹரியானால ஒரு பஸ் கண்டக்டர் காசு வாங்கிட்டு டிக்கெட் குடுக்கலன்னு செக்கிங் ஸ்குவாட் புடிச்சாங்க, ஒரு பயணியக் கூட என்கொயரிக்கு கூப்பிடல, இருந்தும் 1977ல சுப்ரீம் கோர்ட் டிஸ்மிஸ் செல்லும்னுச்சு. சாட்சிய சட்டம் எங்களுக்கு அப்படியே பொருந்தாது. மேனேஜ்மென்ட்டுக்கு பலமான சந்தேகம் வந்தாலே போதும்.

பழைய டெப்போ
வசந்திம்மா, நானும் கண்டக்டர்தான், திருப்பத்தூர் ரூட்ல ஓடி ரிட்டயர் ஆனேன். ஒருவாட்டி பையில 14 ரூபா கூட இருந்துச்சுன்னு எனக்கு சார்ஜ் மெமோ குடுத்தாங்க. போலீஸ் இல்ல கோர்ட் இல்ல, ஒரு இன்கிரிமென்ட் கட்டு. தம்பி, அண்ணனுக்கு இன்கிரிமென்ட்தான போச்சு, அப்பீல் பண்ணா திரும்ப கெடைக்கும், எனக்கு கெடச்சுது.

ராணிப்பேட்டை தம்பி
இல்லீங்க அய்யா, இன்கிரிமென்ட் இல்ல, வேலையே போயிடுச்சு.

சிப்காட் சங்கம்
தம்பி, நான் 20 வருஷத்துக்கு மேல தொழிலாளி பக்கம் உக்காந்து என்கொயரி நடத்தியிருக்கேன். வசந்தி மேடம் முக்கால்வாசி சரி, கடைசி வரி மட்டும் தப்பு, ஆனா ஒரு மனுஷன் வேலை அந்த வரிலதான் தொங்குது. சந்தேகம் எவ்ளோ பலமா இருந்தாலும் அது ஆதாரம் ஆவாதுன்னு 1964லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு, அதுவும் இலாகா விசாரணையப் பத்திதான். அளவு கொறையும், ஆனா அளவுன்னு ஒண்ணு இருக்கும். ரெண்டு கதைய தராசுல வெக்கணும், எது நடந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம்னு பாக்கணும். "நடந்திருக்கலாம்"னு சொல்றது பத்தாது.

பாலாத்தங்கரை, உங்க கேஜிஎஃப் கேஸ்ல ரெண்டு எடத்துலயும் அதே ரெய்டு, அதே சாட்சி, கோர்ட் அந்த ரெய்டயே நம்பல. அதுக்கு மேல அந்த ஆளுக்கு சஸ்பென்ஷன் படி குடுக்காம, அவர் வர முடியாத நெலமைல என்கொயரிய தனியா நடத்தி முடிச்சாங்க. எல்லா விடுதலையும் அப்படி இல்ல. சாட்சி பல்டி அடிச்சதால வந்த விடுதலைக்கு அவ்ளோ பலம் இருக்காது. தம்பி, அண்ணன் எப்படி விடுதலை ஆனாரு? என்கொயரில யார் யார் சாட்சி சொன்னாங்க?

ராணிப்பேட்டை தம்பி
சரக்கு வாங்குனதா சொன்ன வியாபாரியும் மகஜர் சாட்சிங்களும் கோர்ட்ல பல்டி அடிச்சுட்டாங்க, அதுல சந்தேகத்தின் பலன்னு விட்டாங்க. என்கொயரில கேட் செக்யூரிட்டியும் ஸ்டோர் மேனேஜரும் மட்டும்தான் வந்தாங்க. ரிப்போர்ட்ல பாதி பக்கம் எஃப்ஐஆரும், ஸ்டேஷன்ல அண்ணன் ஒத்துக்கினதா எழுதி வாங்குன வாக்குமூலமும்தான். போலீஸ் யாரும் வரல.

சிப்காட் சங்கம்
அப்ப முதல் வேலை, ரிப்போர்ட்ட கைல எடுத்து எஃப்ஐஆர், வாக்குமூலம், மகஜர் மூணையும் பென்சில்ல அடிச்சிடுங்க. ஒரு பேங்க் பியூன் டிராஃப்ட் புக்க திருடுனாருன்னு டிஸ்மிஸ் பண்ண கேஸ்ல 2009ல சுப்ரீம் கோர்ட் இததான் சொல்லுச்சு, போலீஸ் சேத்த பேப்பர சும்மா ஃபைல்ல கோத்துட்டா ஆதாரம் ஆவாது, யாராவது வந்து சொல்லணும், அவங்கள கிராஸ் பண்ண வாய்ப்பு குடுக்கணும். ஹரியானா கேஸ்ல பயணி வரலன்னாலும் புடிச்ச இன்ஸ்பெக்டர் நேர்ல வந்து சொன்னாரு மேடம், இங்க ஸ்டேஷன்லேர்ந்து ஒருத்தரும் வரல. அடிச்சப்புறம் என்னா மிச்சம் இருக்குன்னு பாருங்க.

ராணிப்பேட்டை தம்பி
மிச்சம் செக்யூரிட்டி சொன்னது. வெள்ளிக்கெழம நைட்டு 9.40க்கு அண்ணன் பைக்ல பையோட போனாருன்னு. கிராஸ்ல "உள்ள என்னான்னு பாக்கல"ன்னு சொல்லிட்டாரு. அப்புறம் ஸ்டோர்ல சரக்கு வரவு செலவு எழுதற பின் கார்டுல 60 சதுர அடி கம்மின்னு மேனேஜர் திங்கக்கெழம கண்டுபுடிச்சது. அண்ணன் சொல்றது, பைல டிபன் கேரியரும் யூனிபார்மும்தான், லோடு லாரிக்காக லேட்டா இருந்தேன்னு.

வசந்தி ஆம்பூர்
சந்தேகம் போதும்னு நான் எழுதுனது தப்புதான், ஒத்துக்கறேன். ஆனா மிச்சம் இருக்கறதும் சின்னது இல்ல. ஒரு ஆட்டுத்தோல் சுமாரா 5 சதுர அடி, 60ன்னா 12 தோல், சுருட்டுனா ஒரு பைக்குள்ள தாராளமா போயிடும். ஷிப்ட் முடிஞ்சு ஸ்டோர்காரர் கேட் பாஸ் இல்லாம பையோட போறாரு, அடுத்த ஸ்டாக்ல சரியா அதே அளவு கொறையுது. பூட்டுன ஸ்டோர்ல நடக்கற திருட்ட நேர்ல பாத்த சாட்சி எங்கேர்ந்து வரும்? அதுக்குதான கம்பெனில அளவு கம்மியா வெச்சிருக்கு.

சிப்காட் சங்கம்
"அதே அளவு"ன்னு நீங்க சொல்றீங்க, பையில எவ்ளோ இருந்துச்சுன்னு யாரும் அளக்கவே இல்லியே மேடம். 60ங்கறது பின் கார்டுல கொறஞ்சது மட்டும்தான். பைக்குள்ள போகும்னா, போயிருக்கலாம்னு அர்த்தம், போச்சுன்னு இல்ல. அதவிட பெரிய ஓட்டை, வெள்ளிக்கெழம சாயந்திரம் ஸ்டாக் சரியா இருந்துச்சுன்னு யாராவது சொன்னாங்களா? சனிக்கெழம ஸ்டோர யார் தொறந்தா? வேற ஆள் கையில சாவி இருந்திருந்தா, திங்கக்கெழம கொறச்சல வெள்ளிக்கெழம பைல கட்ட முடியாது, தராசு அப்படியே சமமா நிக்கும். சமமா நின்னா கம்பெனி தோத்துது, ஏன்னா நிரூபிக்க வேண்டியது அவங்க.

பாலாத்தங்கரை
அண்ணே, அப்ப விடுதலை தீர்ப்புக்கு மதிப்பே இல்லியா? அந்த மனுஷன் ரெண்டு வருஷம் கோர்ட்டுக்கு அலஞ்சிருப்பாரு.

சிப்காட் சங்கம்
இருக்குபா, கண்டிப்பா ஃபைல் பண்ணணும். அது தனியா ஜெயிக்காதுன்னுதான் சொல்றேன். என்கொயரி ஓட்டையோட சேத்து வெச்சாதான் பலம். திரும்ப வேலையா, இல்ல பணம் குடுத்து முடிப்பாங்களாங்கறது மேல போறப்ப எப்படி போகும்னு நானும் வாக்கு குடுக்க மாட்டேன், ரெண்டும் பாத்திருக்கேன்.

ராணிப்பேட்டை தம்பி
அண்ணா, இப்பதான் என்கொயரி ஃபைல புரட்டுனேன். கம்பெனி குடுத்த கேட் ரெஜிஸ்டர் காப்பில அதே பக்கத்துல மேல ஒரு லாரி, உள்ள 7.50, வெளிய 9.25ன்னு இருக்கு. இத யாரும் கேக்கவே இல்ல. அண்ணன் சொன்னது நெசம்தான்.

வசந்தி ஆம்பூர்
லேட்டா இருந்ததுக்கு அது நல்ல பதில் தம்பி, அத விட்டுடாதீங்க. ஆனா தோல் எங்க போச்சுங்கறதுக்கு அது பதில் இல்ல. கேட் பாஸ் இல்லாத அந்த பையப் பத்தியும் அவர்கிட்ட விளக்கம் கேப்பாங்க.

பழைய டெப்போ
டிபன் கேரியருக்கு யாரும்மா கேட் பாஸ் போடறாங்க?

சிப்காட் சங்கம்
தம்பி, லாரி வந்த பக்கத்த பத்திரமா வைங்க. சாவி ரெஜிஸ்டர்ல சனிக்கெழம யார் கையெழுத்துன்னு கேட்டு இன்னிக்கே ஒரு லெட்டர் எழுதி ரிஜிஸ்டர் தபால்ல அனுப்புங்க. குடுக்க மாட்டோம்னு சொன்னா அந்த பதிலயும் வெச்சுக்கோங்க.