கொடை மேடையில் சொல்லும் அந்த ஒரு எண்

மேலத்தெரு, இப்போது ஷார்ஜா:

அனைவருக்கும் வணக்கம். நம் ஊர்க் கோவிலின் சித்திரைக் கொடை விழாவுக்கான மேடை அறிவிப்பை விழாக் குழு அனுப்பியிருக்கிறது. "குழந்தைகளோ பொருட்களோ தொலைந்தால் தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகியோரின் எண்களுக்கு அழைக்கவும்" என்று போன வருஷத்து வாசகம் அப்படியே இருக்கிறது. இதை மாற்றி ஒரே எண் ஆக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நான் இங்கே கண்காட்சி அரங்கில் கூட்டப் பாதுகாப்பு வேலை பார்ப்பவன் என்பதால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

போன வருஷம் ராட்டினம் பக்கம் ஒரு பையன் தவறிப்போனது எல்லோருக்கும் தெரியும். அவன் அம்மா தலைவர் எண்ணுக்கு அடித்தார்கள். தலைவர் சப்பரத்தோடு போய்க்கொண்டிருந்தார், செண்டைச் சத்தத்தில் போன் அடித்ததே அவருக்குத் தெரியவில்லை. செயலாளர் எண் பிஸி. செருப்பு, குடை, பர்ஸ் என்று ஆளாளுக்கு அவரைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இதற்குள் பையனை ஒரு வளையல் கடைக்காரர் தன் கடையிலேயே உட்கார வைத்துவிட்டுப் பொருளாளருக்குச் சொல்லியும்விட்டார். ஆக, பிள்ளை கிடைத்துவிட்டது என்பது ஒருத்தருக்குத் தெரியும், பிள்ளையைக் காணோம் என்பது யாருக்கும் போய்ச் சேரவில்லை. இரண்டையும் சேர்த்துவைக்க ஒரு இடம் இல்லாததால் முக்கால் மணி நேரம் போய்விட்டது.

ஒரே எண் வேண்டும் என்பதற்குக் காரணமே இதுதான். தொலைத்தவரும் கண்டெடுத்தவரும் ஒரே ஆளிடம், ஒரே நோட்டில் வந்து சேர வேண்டும். அந்த எண் யாருடைய சொந்த எண்ணாகவும் இருக்கக் கூடாது. தனி சிம், தனி போன், வேறு வேலை எதுவும் இல்லாத ஒரு ஆள். அவர் உட்கார வேண்டியது பள்ளிக்கூடத் திண்ணையில், மேடைக்குப் பின்னால் அல்ல. மேடைக்குப் பின்னால் எதிராளி பேசுவது கேட்காது.

கீழத்தெரு, இப்போது கொச்சி:

அண்ணாச்சி, அந்தப் பையன் என் பையன்தான். இதை எழுதியதற்கு நன்றி. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். நான் முதலில் அடித்தது தலைவர் எண்ணே இல்லை, யாரோ ஒருவர் எண். மைக்கில் "நைன்" என்றார்களா "ஃபைவ்" என்றார்களா என்றே புரியவில்லை. கோவில் வாசல் ஸ்பீக்கர் குழாயும் ரோட்டோரக் குழாயும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கேட்டன. நான் பையிலிருந்து போனை எடுப்பதற்குள் பாதி எண் போய்விட்டது. மறுபடி எப்போது சொல்வார்கள் என்று அந்த இடத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். அந்த நேரத்தில் நடந்து தேடியிருக்கலாமே என்று இப்போதும் தோன்றுகிறது.

இன்னொன்று. பிள்ளை கிடைத்ததும் அவன் பெயர், வயசு நாலு, மஞ்சள் சட்டை, வளையல் கடையில் இருக்கிறான் என்று எல்லாவற்றையும் மைக்கில் சொல்லிவிட்டார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்கள், குறை சொல்லவில்லை. ஆனால் நான் ஓடிப் போய்ச் சேருவதற்குள், எனக்கு முன்பின் தெரியாத இரண்டு பேர் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு நின்றார்கள். என் பிள்ளை பெயர் சொல்லிக் கூப்பிட்டால் யாரோடும் போய்விடுவான். அதை நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைப் பிசைகிறது.

வடக்குத்தெரு, இப்போது மஸ்கட்:

தம்பி, போன வருஷக் கொடையில் என் செல்போன் தொலைந்தது பற்றியும் அந்த எண்ணில் கேட்கலாமா? இன்றுவரை கிடைக்கவில்லை. என்னைக் கேட்டால் குழந்தையை விடப் பொருள்தான் நிறையத் தொலைகிறது. பொருளுக்குத் தனி எண் வைத்தால் என்ன?

தெற்குத்தெரு, இப்போது பெங்களூரு:

இதற்கு இவ்வளவு மண்டையை உடைக்க வேண்டாம் அண்ணே. ஸ்டார் 401 போட்டு மூன்று பேர் போனையும் ஒரே எண்ணுக்குத் திருப்பிவிட்டால் வேலை முடிந்தது. இல்லையென்றால் நம் எண்ணே வேண்டாம், 1098 என்று ப்ளெக்ஸில் பெரிதாக அடித்துவிடலாம். நாலே இலக்கம், காசும் கிடையாது, எவருக்கும் மறக்காது.

மேலத்தெரு, ஷார்ஜா:

ஒவ்வொன்றாக வருகிறேன்.

பெங்களூரு தம்பி, 401 ஒரு போனுக்கு வருகிற எல்லா அழைப்பையும் திருப்பிவிடும். தலைவருக்கு வீட்டிலிருந்து வரும் அழைப்பும் திண்ணைக்குத்தான் போகும். அதோடு இப்படி எண் அழுத்தித் திருப்பும் வசதியை மோசடிக்காரர்கள் தவறாகப் பயன்படுத்தியதால், 2024 ஏப்ரல் 15 முதல் நிறுத்தச் சொல்லித் தொலைத்தொடர்புத் துறை உத்தரவு போட்டது. அதை நம்பித் திட்டம் போட வேண்டாம்.

1098 பற்றி நீ சொன்னதில் பாதி சரி. அது குழந்தைகள் உதவி எண்தான், நாள் முழுக்க எடுப்பார்கள். ஆனால் அதை எடுப்பவருக்கு நம் ராட்டினம் எங்கே, வளையல் கடை எங்கே என்று தெரியாது. திடலுக்குள் தேடும் முதல் பத்து நிமிஷத்துக்கு நம் எண். தேடிக் கிடைக்கவில்லை என்றால் உடனே போலீஸ் பந்தலுக்கும் 112-க்கும். கிடைத்த பிள்ளைக்கு யாரும் வரவில்லை என்றால் கட்டாயம் 1098. இது நம் இஷ்டம் இல்லை. 2015-ஆம் வருஷச் சிறார் நீதிச் சட்டம், பிரிவு 32 இருக்கிறது. தொலைந்த பிள்ளையைப் பொறுப்பில் எடுத்தவர் 24 மணி நேரத்துக்குள் போலீசுக்கோ 1098-க்கோ குழந்தைகள் நலக் குழுவுக்கோ தெரிவித்தாக வேண்டும், தெரிவிக்காவிட்டால் குற்றம். "ராத்திரி நம்ம வீட்டில் படுக்கட்டும், காலையில் பார்ப்போம்" என்று நல்ல மனசோடு யாராவது சொல்வார்கள். சொன்னாலும் முதலில் தகவல் கொடுத்துவிட வேண்டும்.

கொச்சித் தங்கச்சி சொன்ன குழாய் விஷயம் முக்கியம். ஒலி ஒரு நொடிக்கு 340 மீட்டர் சுமாராகப் போகும். கோவில் வாசல் குழாயிலிருந்து ரோட்டோரக் குழாய் 170 மீட்டர் தள்ளி இருந்தால், ஒன்றின் கீழே நிற்பவருக்கு இன்னொன்றின் சத்தம் அரை நொடி தாமதமாக வரும். வேகமாக எண் சொன்னால் அந்த அரை நொடிக்குள் அடுத்த இலக்கம் வந்துவிடும், இரண்டும் மோதிக்கொள்ளும். அதனால் ஒரு இலக்கம் சொல்லி, மனதுக்குள் ஒன்று எண்ணி, அடுத்ததைச் சொல்ல வேண்டும். ஐந்து இலக்கம் ஆனதும் ஒரு மூச்சு விட்டு மீதி ஐந்து. எண்ணைத் தமிழில் ஒரு தரம், ஆங்கிலத்தில் ஒரு தரம் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் ஃபைவும் நைனும் குழம்பும், தமிழில் அஞ்சும் ஒன்பதும் குழம்பாது. தமிழில் ஆறும் ஏழும் ஒன்றுபோல் கேட்கும், ஆங்கிலத்தில் சிக்ஸும் செவனும் அந்த அளவுக்குக் கேட்காது. இரண்டையும் கேட்டவர் தானே சரிபார்த்துக்கொள்வார். "டபுள்", "ட்ரிபிள்" வேண்டவே வேண்டாம்.

நான் எழுதிப் பார்த்த வாசகம் இது:

"கவனியுங்கள். ஒரு போன் எண் சொல்லப் போகிறோம். போனைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்." இங்கே பத்து நொடி சும்மா இருக்க வேண்டும். "குழந்தையைக் காணவில்லை என்றாலும், தனியாக நிற்கும் குழந்தையைப் பார்த்தாலும், பொருள் தொலைந்தாலும் கிடைத்தாலும் அழைக்க வேண்டியது ஒரே எண்." பிறகு எண், இரண்டு தரம். "இப்போதே அந்த எண்ணைப் போனில் 'கொடை' என்ற பெயரில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். உதவி இடம் பள்ளிக்கூடத் திண்ணை."

தொலைந்த பிறகு எண் கேட்பவருக்குக் கை நடுங்கும். அதனால் சாயங்காலம் கூட்டம் சேரும்போதே சொல்லிவிட்டு, ஒவ்வொரு நிகழ்ச்சிக்கு நடுவிலும் திரும்பச் சொல்ல வேண்டும். வில்லுப்பாட்டுக்காரர்களிடம் முன்கூட்டியே பேசிவிட்டால் ஒரு நிமிஷம் கொடுப்பார்கள்.

பிள்ளையின் பெயர், சட்டை நிறம், இருக்கும் இடம் எதுவும் மைக்கில் வரக் கூடாது. "ஒரு குழந்தை பத்திரமாக இருக்கிறது, பெற்றோர் அந்த எண்ணுக்கு அழைக்கவும்", அவ்வளவுதான். அடையாளத்தை வருகிறவர் சொல்ல வேண்டும், நாம் ஒத்துப்பார்க்க வேண்டும். பிள்ளை அவரைப் பார்த்ததும் எப்படி நடந்துகொள்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். பர்ஸுக்கும் இதே கதைதான். "ஒரு பர்ஸ் கிடைத்திருக்கிறது" என்றால் போதும், நிறமும் பணமும் சொந்தக்காரர் வாயிலிருந்து வரட்டும்.

மஸ்கட் மாமா, பொருளுக்குத் தனி எண் வைத்தால் பதற்றத்தில் எது எதற்கு என்று மாறிப்போகும். அதற்குப் பதில் போனை எடுப்பவர் முதல் கேள்வியாக "குழந்தையா, பொருளா?" என்று கேட்கட்டும். பொருள் என்றால் "திண்ணைக்கு வந்து எழுதிக் கொடுங்கள்" என்று சொல்லி உடனே வைத்துவிட வேண்டும். திண்ணையில் இரண்டாவது ஆள் நோட்டோடு இருப்பார். உங்கள் செல்போனை இனி நம் குழு கண்டுபிடிக்க முடியாது. போலீஸ் புகார் ரசீதை வைத்துக்கொண்டு, அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் ஐஎம்இஐ எண்ணைக் கொடுத்து முடக்கலாம். அந்த எண் போன் வாங்கிய பெட்டியில் இருக்கும். கையில் இருக்கிற போனுக்கு *#06# அடித்து இப்போதே எழுதி வையுங்கள்.

வடக்குத்தெரு, மஸ்கட்:

பெட்டியைத் தேடச் சொல்லி வீட்டில் சொல்லியிருக்கிறேன். ஆனாலும் ஒரு எண் ஒரு நேரத்தில் ஒரு ஆளிடம்தானே பேசும்? பிஸியாக இருந்தால் பிள்ளையைத் தொலைத்தவர் என்ன செய்வார்?

மேலத்தெரு, ஷார்ஜா:

நியாயமான கேள்வி மாமா. கால் வெயிட்டிங் போட்டு வைக்கலாம், பேச்சை அரை நிமிஷத்தில் முடிக்கலாம், மிஸ்டு கால்களை வரிசையாகத் திருப்பி அழைக்கலாம். கூட்டம் உச்சத்தில் இருக்கும்போது டவரே திணறும், அதற்கு நம்மிடம் வழி இல்லை. அதனால்தான் திண்ணை என்கிற இடத்தையும் எண்ணோடு சேர்த்தே சொல்லச் சொல்கிறேன். லைன் கிடைக்காதவர் நடந்து வரட்டும்.

கிழக்குத்தெரு, இப்போது புனலூர்:

நான் பக்கத்திலேயே இருக்கிறேன், கொடைக்கு வந்துவிடுவேன். ஆரியங்காவு, தென்மலைப் பக்கத்திலிருந்து வருகிற சொந்தக்காரர்களுக்கு மலையாளத்திலும் சொல்ல வேண்டும். வாசகத்தை அனுப்பினால் எழுதித் தருகிறேன், மேடையில் நானே வாசிக்கவும் தயார். எண்கள் இரண்டு மொழியிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான், பூஜ்யத்தை அவர்கள் பூஜ்யம் என்றே சொல்வார்கள்.

ஒரு சந்தேகம். புளியரை தாண்டி மலையடிவாரத்துக்குப் போனால் சில நேரம் என் போன் கேரள டவரைப் பிடிக்கிறது. அப்போது 112 அடித்தால் எந்த மாநிலத்து அறைக்குப் போகும்? திருவனந்தபுரத்துக்குப் போனால் அங்கிருந்து இங்கே சொல்லிவர நேரம் ஆகாதா? செங்கோட்டைக் காவல் நிலையத்தின் நேர் எண்ணையும் திண்ணையில் ஒட்டிவைக்கலாம் என்பது என் யோசனை.

கீழத்தெரு, கொச்சி:

சின்னப் பிள்ளைகளின் முன்கையில் பேனாவால் அந்த எண்ணை எழுதிவிட்டால் என்ன? வியர்வையில் அழியாமல் இருக்க மேலே வெளிப்படையான டேப் ஒட்டலாம். பிள்ளை பெயர் எழுதக் கூடாது, எண் மட்டும். நுழைவாயிலில் இரண்டு பெண்கள் உட்கார்ந்தால் போதும், ஒரு ஆளாக நான் வருகிறேன்.

தெற்குத்தெரு, பெங்களூரு:

அண்ணே, 401 விஷயம் தெரியாமல் சொன்னேன். தனி சிம்முக்கு நான் பணம் அனுப்புகிறேன். ப்ளெக்ஸில் எண்ணை ஐந்து ஐந்தாகப் பிரித்து, மேடைக்கு நேர் எதிரே ஒன்றும் ராட்டினத்தருகில் ஒன்றும் வைக்கச் சொல்லலாமா? தலைவர்கள் படம் எதுவும் அதில் வேண்டாம் என்றால் குழுவில் ஒத்துக்கொள்வார்களா தெரியவில்லை.

மேலத்தெரு, ஷார்ஜா:

படம் பற்றி ஞாயிற்றுக்கிழமை அழைப்பில் பேசுவோம், நானும் அதைத்தான் கேட்கப் போகிறேன். கையில் எழுதுவது நல்ல யோசனை தங்கச்சி, விருப்பம் உள்ள பெற்றோருக்கு மட்டும் செய்யலாம். 112 பற்றிச் செங்கோட்டை நிலையத்தில் நேரிலேயே கேட்டுவிடுங்கள் புனலூர் அண்ணாச்சி, அவர்கள் சொல்வதை வைத்து முடிவு செய்வோம். சிம் யார் பெயரில் எடுப்பது, திண்ணையில் ராத்திரி பன்னிரண்டுக்கு மேல் யார் உட்காருவது, இந்த இரண்டுக்கும் ஊரில் இருப்பவர்கள் பெயர் கொடுங்கள். பவர் பேங்க் இரண்டு நான் கொடுத்தனுப்புகிறேன்.