10.16.5.200 கிளாஸ் பி-தானே? விடைத்தாளில் ஏ என்று இருக்கிறது

பட்டர்வொர்த்_மாணவி
வணக்கம். நெட்வொர்க்கிங் இப்போதுதான் படிக்கத் தொடங்கியிருக்கிறேன். 10.16.5.200 முகவரியை பைனரிக்கு மாற்றி, எந்த கிளாஸ் என்று எழுதச் சொன்னார்கள். கணினி கால்குலேட்டரில் ஒவ்வொரு எண்ணாகப் போட்டதில் இது வந்தது:

```
1010.10000.101.11001000
```

முதல் பிட் 0 என்றால் ஏ, 10 என்றால் பி, 110 என்றால் சி என்று குறிப்பில் இருக்கிறது. என்னுடையது 10-இல்தான் தொடங்குகிறது. எங்கே தப்பு செய்தேன்?

ஜெலுத்தோங்_அண்ணன்
பைனரியே வேண்டாம் தங்கச்சி. 10 என்றால் ஏ, 172 என்றால் பி, 192 என்றால் சி. மனப்பாடம் செய்துவிடு.

பிறை_டெக்
தங்கச்சி, நீங்கள் எழுதிய பிட்களை எண்ணிப் பாருங்கள். 4, 5, 3, 8, மொத்தம் 20. ஐபி முகவரிக்கு 32 வேண்டும். மீதி 12-ம் சுழியங்கள். எண்ணுக்கு முன்னால் வரும் சுழியத்தைக் கால்குலேட்டர் விட்டுவிடும்.

தாளில் எட்டுக் கட்டம் போட்டு, இடமிருந்து 128, 64, 32, 16, 8, 4, 2, 1 என்று எழுதுங்கள். 10-இல் 128 அடங்காது, 0. 64, 32, 16-ம் அப்படியே. 8 அடங்கும், 1 போடுங்கள், மீதி 2. அதில் 4 அடங்காது, 2 அடங்கும், கடைசிக் கட்டம் 0. ஆக 00001010. முழுதாக:

```
00001010.00010000.00000101.11001000
```

இப்போது முதல் பிட் 0, அதனால் ஏ. 100 வந்தாலும் இதே ஆபத்துதான்: கால்குலேட்டர் காட்டும் 1100100 சி போலத் தெரியும், எட்டு பிட்டாக எழுதினால் 01100100, அதுவும் ஏ. முதல் எண் 128-க்குக் கீழே இருந்தால் 128 கட்டத்தில் 1 விழ வழியே இல்லை.

ஜெலுத்தோங் அண்ணா, 10 சரி. ஆனால் 128 முதல் 191 வரை எல்லாமே பி, 192 முதல் 223 வரை எல்லாமே சி. நீங்கள் சொன்ன மூன்றும் தனியார் முகவரிகளில் அடிக்கடி பார்க்கும் எண்கள். 150 என்று வந்தால் உங்கள் மனப்பாடம் கைகொடுக்காது.

செராஸ்_வாசி
என் வீட்டு ரவுட்டர் 10.0.0.1, மாஸ்க் 255.255.255.0. அப்படியானால் அது சி-தானே?

பிறை_டெக்
இல்லை, பழைய கணக்கில் அது ஏ-தான். கிளாஸைச் சொல்வது முகவரியின் முதல் பிட்கள், மாஸ்க் அல்ல. அந்தக் காலத்தில் கிளாஸ் ஏ என்றாலே முதல் 8 பிட் நெட்வொர்க். 1993-இல் கிளாஸ் பார்க்காத சைடர் முறை வந்த பிறகு, நெட்வொர்க் பகுதி எங்கே முடிகிறது என்ற எல்லையை மாஸ்க்தான் வைக்கிறது. உங்கள் வீட்டு மாஸ்க்கில் மூன்று 255, அதாவது மூன்று எட்டு பிட், அதனால் எல்லை 24-ஆவது பிட்டில் இருக்கிறது.

பட்டர்வொர்த்_மாணவி
கட்டம் போட்டு மறுபடி செய்தேன், சரியாக வந்துவிட்டது. மிக்க நன்றி அண்ணா. இன்னொன்று. 127-ஐப் போட்டால் 01111111, அதுவும் 0-இல்தான் தொடங்குகிறது. குறிப்பிலோ ஏ என்பது 1 முதல் 126 வரை. தேர்வில் 127.0.0.1 வந்தால் என்ன எழுத?

பிறை_டெக்
பிட்படி பார்த்தால் ஏ-தான். ஆனால் 127 முழுவதும் லூப்பேக்குக்கு, அதாவது கணினி தனக்குத்தானே அனுப்பிக்கொள்வதற்கு ஒதுக்கியது, எந்தக் கணினிக்கும் நெட்வொர்க் முகவரியாகக் கொடுப்பதில்லை. அதனால்தான் பல குறிப்புகள் 126-உடன் நிறுத்திவிடுகின்றன. உங்கள் தேர்வில் எதற்கு மதிப்பெண் என்று விரிவுரையாளரிடமே கேட்டுவிடுங்கள்.