நான் சொல்லாத வரி என் ரிப்போர்ட்டில் இருந்தது

இருட்டறை

இரவில் கொடுத்த ஸ்கேன் ரிப்போர்ட்டின் வரைவான ப்ரிலிம் ஒன்று சொல்லி, காலையில் கையெழுத்தான ஃபைனல் வேறொன்று சொன்ன அனுபவம் உங்களுக்கும் இருக்கும். என்னுடையதைச் சொல்கிறேன். அப்போது நான் இரண்டாம் ஆண்டு ரேடியாலஜி ரெசிடென்ட்.

இரவு 2:40க்குத் தலை சிடி. 71 வயதுப் பெரியவர், குளியலறையில் வழுக்கி விழுந்திருக்கிறார், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார். எனக்கு முன்னால் ஏழு ஸ்கேன் வரிசையில் நின்றன. படத்தின் கறுப்பு வெள்ளை வீச்சைத்தான் விண்டோ என்போம்; மூளைக்கான வழக்கமான விண்டோவில், அதாவது 80/40-ல், மேலிருந்து கீழே ஓட்டினேன். ஒன்றும் தெரியவில்லை. டெம்ப்ளேட்டைத் திறந்தேன். "எல்லாம் நார்மல்" என்று ஃபைண்டிங்ஸ் பகுதி முழுவதும், அதாவது கண்டதை வரிவரியாக எழுதும் இடம் முழுவதும், முன்பே நிரப்பி வைத்த டெம்ப்ளேட் அது. மைக்கில் இருக்கும் பொத்தானை அழுத்தினால் அடுத்த கட்டத்துக்குத் தாவும், மாற்ற வேண்டியதை மட்டும் சொன்னால் போதும். வயதுக்கேற்ற சுருக்கம் என்று ஒரே ஒரு வரி டிக்டேட் செய்தேன். 3:05க்கு ப்ரிலிம் போய்விட்டது: ரத்தக்கசிவு இல்லை. பெரியவரை 5:30க்கு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

காலை 7:50க்கு சீனியர் அதே ஸ்கேனைத் திறந்தார். விண்டோவை 200க்கு மேல் விரித்தார், கொரோனல் வெட்டுகளுக்குப் போனார். இடது பக்கம் மண்டையோட்டை ஒட்டி 3 மில்லிமீட்டருக்கு ஒரு வெள்ளைக் கீற்று. சப்டியூரல், அதாவது மூளை உறைக்கு அடியில் கசிந்த ரத்தம். குறுகிய விண்டோவில் எலும்பும் வெள்ளை, புது ரத்தமும் வெள்ளை, இரண்டும் ஒட்டிக்கொண்டால் எலும்பு கொஞ்சம் தடிமனாக இருப்பதுபோலத்தான் தெரியும். என்னைத் திட்டவில்லை. போனை எடுத்து எமர்ஜென்சியைக் கூப்பிட்டார். அதன் பிறகுதான் மைக்கை எடுத்தார்.

ரிப்போர்ட்டின் முடிவைச் சொல்லும் இம்ப்ரெஷன் பகுதியை அழித்துவிட்டுப் புதிதாகச் சொன்னார்: இடது சப்டியூரல், 3 மில்லிமீட்டர், நடுக்கோடு விலகவில்லை, இரவு ப்ரிலிம் வாசிப்பிலிருந்து மாறுகிறது, இன்னாரிடம் 8:00 மணிக்கு போனில் சொல்லியாகிவிட்டது. 8:12க்குக் கையெழுத்து.

8:40க்கு எமர்ஜென்சியிலிருந்து போன். "சார், இம்ப்ரெஷனில் சப்டியூரல் இருக்கிறது என்கிறீர்கள், மேலே ஃபைண்டிங்ஸில் மூளைக்கு வெளியே எந்தச் சேகரமும் இல்லை என்று இருக்கிறதே. எதை எடுத்துக்கொள்வது?"

அந்த வரியை நானும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை. டெம்ப்ளேட் சொன்னது. நான் தாவிப்போன கட்டம் அது, அவர் கண் அங்கே போகவில்லை. கையெழுத்து ஆகிவிட்டதால் இனி உள்ளே புகுந்து அழிக்க முடியாது. 8:52க்கு அடெண்டம், அதாவது கையெழுத்துக்குப் பின் ஒட்டும் பின்சேர்க்கை, போட்டோம். அதைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்:

"அடெண்டம். ஃபைண்டிங்ஸ் பகுதியில் 'மூளைக்கு வெளியே சேகரம் இல்லை' என்ற வரி தவறு. அதற்குப் பதில்: இடது பக்கம் 3 மி.மீ. தடிமனில் சப்டியூரல் ரத்தம் உள்ளது. இம்ப்ரெஷனில் மாற்றமில்லை. எமர்ஜென்சி மருத்துவரிடம் 8:50க்கு போனில் சொல்லப்பட்டது, அவர் திருப்பிச் சொல்லி உறுதி செய்தார்."

பெரியவரைத் திரும்ப வரவழைத்து மறுபடி சிடி எடுத்தார்கள். கீற்று வளரவில்லை. மாத்திரையை நிறுத்தி இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள்.

ஹெட்போன்

நான் 19 வருடம் ரிப்போர்ட் தட்டச்சு செய்தவள். டாக்டர் பேசிப் பதிவு செய்வார், காதில் மாட்டிக்கொண்டு, காலால் பெடலை மிதித்து நிறுத்தி நிறுத்தி அடிப்பேன். மேலே வலது சிறுநீரகம் என்பார், முடிவில் இடது என்பார். உடனே போன் போட்டு "டாக்டர், வலதா இடதா?" என்று கேட்பேன். கோபப்படுவார், அப்புறம் படத்தைத் திறந்து பார்த்துவிட்டு "இடது" என்பார். உங்கள் கதையில் ஃபைண்டிங்ஸும் இம்ப்ரெஷனும் மோதுகின்றன என்பதை எங்கள் அறையில் யாராவது ஒருத்தி பிடித்திருப்பாள்.

குரலை எழுத்தாக்கும் மென்பொருள் வந்ததும் எங்கள் பிரிவைச் சுருக்கினார்கள். கடைசி இரண்டு வருடம் மென்பொருள் அடித்ததைத் திருத்தும் வேலைதான். அது செய்யும் தப்பு எங்கள் தப்பு மாதிரி இருக்காது. நாங்கள் எழுத்துப்பிழை விடுவோம், பார்த்ததும் தெரிந்துவிடும். அது எழுத்துப்பிழையே விடாது. 'ஹைப்போ' என்று சொன்னதை 'ஹைப்பர்' என்று சுத்தமாக எழுதும், 'ஃபிஃப்டீன்' 'ஃபிஃப்டி' ஆகும். டாக்டர் மூச்சோடு சேர்த்து விழுங்கிய 'நோ' காணாமல் போகும், ஆனாலும் வாக்கியம் முழுசாகத்தான் நிற்கும். எலும்பு முறிவு இல்லை என்றவர் பெயரில் எலும்பு முறிவு இருக்கிறது என்று போயிருக்கிறது. ஒரு டாக்டர் இதற்காகவே 'நோ ஃபிராக்சர்' என்று சொல்வதை விட்டுவிட்டு, எலும்புகள் முழுமையாக உள்ளன என்ற பொருளில் 'இன்டாக்ட்' என்று சொல்லப் பழகினார். நல்ல மூளை.

ஹவுஸ்சர்ஜன்_24

ஒரு சின்னத் திருத்தம். ப்ரிலிம் மாறினாலே அடெண்டம் போட வேண்டும் என்றுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். உங்கள் சீனியர் இம்ப்ரெஷனை அழித்து எழுதியது தவறில்லையா? நைட் என்ன சொன்னார்கள் என்பதே மறைந்துவிடுமே.

வரிசை எண்

பாதி சரி தம்பி. நான் ரேடியாலஜி மென்பொருளையும் அதிலிருந்து வெளியே போகும் செய்திகளையும் பார்த்துக்கொள்பவன். ப்ரிலிம் என்பது கையெழுத்து ஆகாத வரைவு. அது ஃபைனல் ஆகும்போது உள்ளே திருத்துவதுதான் முறை, ஆனால் "ப்ரிலிமிலிருந்து மாறுகிறது" என்று ஃபைனலிலேயே எழுத வேண்டும். மேலே அந்த சீனியர் அதைச் செய்திருக்கிறார். அடெண்டம் என்பது கையெழுத்துக்குப் பிறகு. அதன்பின் மூல எழுத்தைத் தொட முடியாது, ஒட்ட மட்டுமே முடியும், ஒட்டியது யார், எத்தனை மணிக்கு என்பதும் பதிவாகும்.

நீங்கள் கேட்ட இரண்டாவது விஷயத்தில் நியாயம் இருக்கிறது. மருத்துவமனை மென்பொருள்கள் தங்களுக்குள் அனுப்பிக்கொள்ளும் HL7 செய்தியில் ப்ரிலிம் `P` என்று போகும், ஃபைனல் `F`, கையெழுத்துக்குப் பிறகு திருத்தியது `C`. வாங்கிக்கொள்ளும் பக்கத்து மென்பொருள் பழைய `P`-ஐ வைத்துக்கொள்கிறதா, மேலேயே எழுதி அழிக்கிறதா என்பது அந்தந்த இடத்து அமைப்பு. அழித்துவிட்டால், எமர்ஜென்சி மருத்துவர் எதைப் படித்துவிட்டுப் பெரியவரை 5:30க்கு அனுப்பினார் என்பதை அவருடைய திரையில் நிரூபிக்கவே முடியாது. எங்கள் பக்கத்துப் பதிவேட்டில் இருக்கும், ஆனால் யார் வந்து கேட்கப்போகிறார்கள்? புதிய FHIR முறையில் இதைக் கொஞ்சம் பிரித்திருக்கிறார்கள். பிழை திருத்தம் `corrected`, இருப்பதைத் தொடாமல் புதிதாகச் சேர்ப்பது `appended`. ஆனால் டாக்டர் அழுத்துவது அடெண்டம் என்ற ஒரே பொத்தான். அது எதுவாக வெளியே போகிறது என்று பெரும்பாலும் அவருக்கே தெரியாது.

காலை_ஷிஃப்ட்

எமர்ஜென்சி பக்கத்திலிருந்து நான். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நெருக்கடியில் நான் இம்ப்ரெஷனை மட்டும்தான் படிப்பேன். அடெண்டம் எங்கள் திரையில் ரிப்போர்ட்டின் அடியில் போய் ஒட்டிக்கொள்கிறது. இரண்டு பக்க ரிப்போர்ட்டில் அதுவரை யார் இறங்குவது? ஏற்கெனவே படித்த ரிப்போர்ட்டை மறுபடி திறக்கச் சொல்லி எந்த அறிவிப்பும் வருவதில்லை.

ஒரு முறை வயிற்று சிடியில் குடல்வால் நார்மல் என்று ஃபைனல். ஒன்றரை மணி நேரம் கழித்து, நுனி மட்டும் வீங்கியிருக்கிறது என்று அடெண்டம் போட்டிருக்கிறார்கள். போன் வரவில்லை. "கிளினிக்கலாகப் பொருத்திப் பார்க்கவும்" என்று முடித்திருந்தார்கள். அந்தப் பெண்ணின் வலி குறையவில்லை என்று சர்ஜன் தற்செயலாகத் திரும்பத் திறந்ததால் கண்ணில் பட்டது. போன் இல்லாமல் போட்ட அடெண்டம் எனக்கு அடெண்டமே இல்லை.

தாரா_அம்மாவுக்காக

நானும் இதையே கேட்க நினைத்தேன். அம்மாவின் கணுக்கால் எக்ஸ்ரே ரிப்போர்ட்டில் அடெண்டம் என்று இருக்கிறது. முதலில் முறிவு இல்லை என்றவர்கள் இப்போது முறிவு என்கிறார்களா? மறுபடி எக்ஸ்ரே எடுக்க வேண்டுமா? காலில் வீக்கம் அப்படியே இருக்கிறது.

இருட்டறை

மேடம், படத்தைப் பார்க்காமல் நான் எதுவும் சொல்லக் கூடாது. அடெண்டம் என்ற சொல்லுக்கு அடுத்து என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் பாருங்கள்.

தாரா_அம்மாவுக்காக

"முந்தைய படங்கள் இப்போது கிடைத்தன, அவற்றோடு ஒப்பிட்டதில் மாற்றமில்லை" என்று இருக்கிறது.

இருட்டறை

அப்படியென்றால் முதல் வாசிப்பை மாற்றவில்லை. பழைய படம் தாமதமாக வந்திருக்கிறது, ஒப்பிட்டுச் சேர்த்திருக்கிறார்கள். நிறைய அடெண்டங்கள் இந்த வகைதான். வீக்கத்துக்காக எக்ஸ்ரே எழுதிய மருத்துவரை மறுபடி பாருங்கள், அது வேறு விஷயம்.

காலை_ஷிஃப்ட் சொன்னது உறைக்கிறது. போனில் ஆள் கிடைக்காமல் பத்து நிமிடம் காத்திருந்து, அடுத்த ஸ்கேன் வந்ததும் மறந்துபோன நாட்கள் எனக்கும் உண்டு.

கட்டம் காலி

டெம்ப்ளேட் பற்றி ஒருவரும் சொல்லவில்லையே. நான் முன்பே நிரப்பிய டெம்ப்ளேட்டை விட்டு மூன்று வருடம் ஆகிறது. என்னுடையதில் உறுப்புப் பெயர் மட்டும் இருக்கும், எதிரே வெற்றுக் கட்டம். கட்டம் காலியாக இருந்தால் கையெழுத்துப் போட விடாதபடி வைத்திருக்கிறேன். பார்க்காத உறுப்புக்கு நார்மல் என்று பொய் சொல்ல முடியாது.

இருட்டறை

நானும் ஆறு மாதம் முயன்றேன். நாலாவது மணி நேரத்தில் பார்க்காமலேயே வாய் 'நார்மல், நார்மல்' என்று நிரப்ப ஆரம்பித்தது. டெம்ப்ளேட் சொன்ன பொய்யை நானே சொன்னேன், கூடுதலாக ஒரு ஸ்கேனுக்கு ஒரு நிமிடம் போனது.

கட்டம் காலி

அது உங்கள் வாயின் குற்றம், கட்டத்தின் குற்றம் இல்லை.

ஹெட்போன்

இரண்டு பேரும் கையெழுத்துக்கு முன்னால் மேலிருந்து கீழே ஒரு தடவை படிப்பீர்களா?

இருட்டறை

இரவில் ஏழு ஸ்கேன் வரிசையில் நிற்கும்போது, அக்கா, இம்ப்ரெஷனைப் படிப்பேன். இப்போது ஒன்று மட்டும் மாற்றியிருக்கிறேன். தலை டெம்ப்ளேட்டில் மற்ற வரிகள் நிரப்பியே இருக்கின்றன, மூளைக்கு வெளியே சேகரம் என்ற வரியை மட்டும் காலியாக்கினேன். அந்தக் கட்டம் வந்தால் விண்டோவை விரிக்காமல் கை அடுத்ததற்குத் தாவுவதில்லை.