புதுப்பிப்பு: கஞ்சிக்கோடு உருக்காலையில் ஷிப்ட் பாதுகாப்புப் பேச்சு

முன்பு இங்கே நான் கேட்டது: "உலைப் பகுதியில் தினமும் ஷிப்டுக்கு முன் ஐந்து நிமிடம் பாதுகாப்பு பேசுகிறேன். ஹெல்மெட், கையுறை என்று ஆரம்பித்தாலே ஆட்கள் வேறு பக்கம் பார்க்கிறார்கள். என்ன செய்வது?"

வந்த பதில்களில், ஓய்வுபெற்ற பாதுகாப்பு அதிகாரி அண்ணன் ஒருவர் சொன்னதுதான் எடுபட்டது: பட்டியலை விடு, இன்றைய வேலையில் ஒரே ஆபத்து, கையில் ஒரு பொருள், ஒரு கேள்வி.

மழை பெய்த காலை, இரு முனையும் நசுங்கிய பழைய குழாய் ஒன்றை ஸ்கிராப் குவியலிலிருந்து எடுத்துப் போனேன். "இதை உலையில் போட்டால்?" "உருகும் சார்" என்றார் ஒருவர். உலையில் ஸ்கிராப் போடும் சார்ஜிங் ஆள் மறுத்தார்: "உள்ளே தண்ணீர் இருந்தால் வெடிக்கும்." தண்ணீர் ஆவியானால் 1,600 மடங்குக்கு மேல் விரியும் என்பதை மட்டும் நான் சேர்த்தேன். "கேஸ் கட்டரால் வெட்டிவிடலாமே" என்று ஒரு தம்பி கேட்க, உள்ளே எண்ணெய் இருந்தால் அதுவும் ஆபத்து, தனியே ஒதுக்கு என்று மற்றவர்களே சொன்னார்கள்.

தினம் ஒருவரைப் பேச வையுங்கள் என்ற யோசனை பாதிதான் சரி. அவர்களும் அதே பட்டியலை ஒப்பித்தார்கள். "நேற்று எங்கே பயந்தீர்கள்?" என்று கேட்ட பிறகுதான் கதை வந்தது. நல்ல மைக் வாங்கச் சொன்னவருக்கு: பிரச்சினை சத்தத்தில் இல்லை சார்!

தலையாட்டுவதை நான் நம்புவதில்லை. அப்புறம் ஸ்கிராப் யார்டுக்குப் போய், மூடிய துண்டுகள் ஒதுக்கப்பட்டிருக்கின்றனவா என்று பார்க்கிறேன். இந்தி மட்டும் தெரிந்த ஆட்களுக்கு இன்னும் வழி கிடைக்கவில்லை. சக ஆள் மொழிபெயர்த்தால் கேள்வியின் சூடு போய்விடுகிறது.