புதுப்பிப்பு: ஒன்பதாவது கேள்வியில் தடுமாறினார்கள்

“மனச்சோர்வு இருக்கிறதா என்று கேட்டறிய ஊர்ப் பணியாளர் தயார் என்பதை எப்படி உறுதி செய்வது?” போன மாதம் நான் கேட்டது.

எழுத்துத் தேர்வு போதும் என்றார் ஒருவர். பாதி சரி, மதிப்பெண் கூட்ட எல்லாருக்கும் வந்தது. அப்புறம் செவிலியர் அக்கா சொன்னபடி நடிப்புத் தேர்வு வைத்தோம்.

நோயாளியாக நடித்தவருக்கு, மனச்சோர்வைக் கேட்டறியும் ஒன்பது கேள்விப் படிவமான பி.எச்.க்யூ-9இல் மொத்தம் 7, ஆனால் சாகும் எண்ணம் பற்றிய கடைசிக் கேள்விக்கு ‘சில நாள்’, அதாவது 1. ஒரு பணியாளர், “அப்படியெல்லாம் நினைப்பு இல்லையே?” என்று கேட்டு 0 போட்டார். மற்றவர் 1 குறித்தும், மொத்தம் எல்லையான 10க்குக் கீழே என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

இப்போது அந்தக் கேள்விக்கு 1 வந்தாலே, கூட்டுத்தொகை பார்க்காமல், உடனே மேற்பார்வையாளருக்கு போன். தவறினால் மறுதேர்வு. மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் எப்படிக் கேட்பது? அது இன்னும் பிடிபடவில்லை.