கடலூர்–புதுச்சேரி மேப்: 40 நிமிட டைம்டேபிள், சரிந்துபோன பயணி மதிப்பெண்

கெடிலக்கரை:
OMSI 2 என்ற பேருந்து ஓட்டும் கணினி விளையாட்டில் கடலூர் பஸ் ஸ்டாண்டு முதல் புதுச்சேரி புதுப் பேருந்து நிலையம் வரை ஒரு மேப் கட்டிக்கொண்டிருக்கிறேன். 22 கிலோமீட்டர், 14 நிறுத்தம், ஓட்ட நேரம் 40 நிமிடம் என்று போட்டேன். ஒவ்வொரு நடையும் பத்து நிமிடத்துக்கு மேல் தாமதம். பிடிக்க வேகமாக ஓட்டினால் பயணிகள் திட்டுகிறார்கள், சௌகரிய மதிப்பெண் சரிகிறது. டிக்கெட் விலையை எப்படி வைப்பது என்பதிலும் குழப்பம். எதை முதலில் மாற்ற வேண்டும்?

டபுள்விசில்:
டிக்கெட்டைத் தூக்குங்கள், எல்லாம் சரியாகும். அந்த விளையாட்டு பெர்லினை மனதில் வைத்துச் செய்தது. அங்கே அந்தக் காலத்தில் டிரைவரே டிக்கெட் கொடுத்துச் சில்லறையும் எண்ணினார். நம் ஊரில் டிரைவர் டிக்கெட் கொடுத்து எப்போது பார்த்தீர்கள்? கண்டக்டர் உள்ளே போட்டுக்கொண்டு வருவார், பின்னாலிருந்து ரெண்டு விசில், வண்டி கிளம்பும். டிக்கெட் விவரம் இருக்கிற `.otp` கோப்பில் டிரைவரிடம் டிக்கெட் வாங்குவோர் பங்கைச் சுழியம் ஆக்குங்கள். தாமதம் காணாமல் போகும். மீதித் தாமதத்தைக் கொஞ்சம் அழுத்தி ஓட்டினால் பிடித்துவிடலாம். இந்த ரூட்டில் நிஜ வண்டிகளும் அப்படித்தானே ஓடுகின்றன.

மரப்பாலம் சிக்னல்:
டபுள்விசில் சொல்வதில் பாதி சரி. டிக்கெட் நேரம் பெரிய விஷயம்தான், ஆனால் அதுவே முழுக் காரணம் இல்லை. கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

வழியில் சராசரி 40 கிலோமீட்டர் வேகம் என்று வைத்தாலே 22 கிலோமீட்டருக்கு 33 நிமிடம். ஒரு நிறுத்தத்தில் 20 விநாடி நிற்கிறோம். அதற்கு வேகம் குறைத்து, மறுபடி எடுத்து வருவதில் இன்னொரு 20 விநாடி போகிறது. 14 நிறுத்தத்துக்கு 9 நிமிடம் சொச்சம். ஆக டிக்கெட்டே இல்லாமல், சிக்னலே இல்லாமல் 42 நிமிடம் ஆகிவிட்டது. 40 நிமிட டைம்டேபிள் பிறக்கும்போதே தோற்றுவிட்டது.

இதன்மேல் 40 பேர் ஏறுகிறார்கள், அதில் 24 பேர் டிரைவரிடம் வாங்குகிறார்கள், ஆளுக்கு 12 விநாடி என்றால் கிட்டத்தட்ட 5 நிமிடம். அரியாங்குப்பம் தாண்டிய பிறகு சிக்னலும் நெரிசலும் சேர்ந்து ஒரு 4 நிமிடம். மொத்தம் 51. நான் 55 போடுவேன்.

அப்புறம், அழுத்தி ஓட்டிப் பிடிக்கலாம் என்பது எனக்குச் சிரிப்பாக வருகிறது. 60 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறீர்கள். மென்மையாக, 1.2 மீ/வி² வீதம் வேகத்தைக் குறைத்தால் நிற்க 14 விநாடி, 116 மீட்டர் வேண்டும். கடைசி நேரத்தில் 2.5 வீதம் மிதித்தால் 56 மீட்டர் போதும். அந்த மிச்ச 60 மீட்டரை முழு வேகத்தில் ஓட்டியதால் மிச்சமாவது மூன்றரை விநாடி. 14 நிறுத்தத்திலும் இப்படி மிதித்தாலும் ஒரு நிமிடம்கூடத் தேறாது. அந்த ஒரு நிமிடத்துக்காகப் பேருந்தில் நிற்கிற எல்லோரையும் கம்பியில் மோத வைத்து மதிப்பெண்ணை இழக்கிறோம்.

டபுள்விசில்:
பிரேக் மட்டுமா? வளைவில், நேர் ரோட்டில் எடுக்கலாமே.

மரப்பாலம் சிக்னல்:
நேர் ரோட்டில் எடுக்கலாம், ஒத்துக்கொள்கிறேன். கன்னியகோயில் பக்கம் கொஞ்சம் தேறும். வளைவில் மட்டும் வேண்டாம். பேருந்து நிலையத்துக்குள் திரும்புகிற வளைவு என் மேப்பில் 15 மீட்டர் ஆரம். 25 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பினால் பக்கவாட்டுத் தள்ளல் 3.2 மீ/வி², 15-ல் திரும்பினால் 1.2. வேகம் பாதிக்கு மேல் இருந்தும் தள்ளல் ஏறக்குறைய மூன்றில் ஒன்றாகிறது, ஏனென்றால் அது வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். நான் ஒருமுறை 28-ல் திரும்பினேன். பின்னாலிருந்து முணுமுணுப்பு கேட்டபோது முதலில் என் ஸ்பீக்கர்தான் கோளாறு என்று நினைத்தேன்.

தவளக்குப்பத்தான்:
அண்ணே, நான் போனில் BUSSID ஆடுகிறேன். இந்த ரூட்டுக்கு நம்ம ஊர் பச்சை வண்டி பெயின்ட்டும் ஏர்ஹாரனும் எங்கே கிடைக்கும்?

மரப்பாலம் சிக்னல்:
தம்பி, அது வேறு விளையாட்டு. இங்கே பேசுவது டைம்டேபிள். ஹாரனுக்குத் தனியாகக் கேளுங்கள்.

முள்ளோடை:
நான் ரொம்ப வருடம் இந்த வழியில் தினம் போய் வந்தவன். விளையாட்டு பற்றிப் பெரிதாகத் தெரியாது, மகனுக்காகப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு விஷயம் சொல்கிறேன். ரெட்டிச்சாவடி வரைக்கும் வண்டி நேரத்துக்கு முன்னாலேயே ஓடும். அப்புறம் அரியாங்குப்பம் தாண்டினால் ஆமை. ஒரு தனியார் வண்டியில் கிருமாம்பாக்கத்தில் ஏறினேன். நேரம் மிச்சம் இருக்கிறது என்று அடுத்த நிறுத்தத்தில் எஞ்சினை அணைத்துவிட்டு ஏழு நிமிடம் நின்றார்கள். டவுனுக்குள் போனதும் அந்த ஏழு நிமிடத்தைப் பிடிக்கத் துரத்தினார்கள். என் கையிலிருந்த மீன் பை முன்சீட்டுக்காரர் மடியில் போய் விழுந்தது. இன்றைக்கும் அவர் முகம் ஞாபகம் இருக்கிறது.

கெடிலக்கரை:
அய்யா, இதுதான் எனக்கும் நடக்கிறது! பாதி வழியில் 3, 4 நிமிடம் முன்னால் இருக்கிறேன், முடியும்போது பத்து நிமிடம் பின்னால்.

மரப்பாலம் சிக்னல்:
முள்ளோடை அய்யா நோயைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டார். கெடிலக்கரை, டைம்டேபிள் இருக்கிற `TTData` கோப்புறையில் உங்கள் டிரிப்பின் `.ttp` கோப்பைத் திறந்து பாருங்கள். மொத்த நேரத்தை மட்டும் கொடுத்திருப்பீர்கள். அப்படி விட்டால் நேரம் தூரத்துக்கு ஏற்பப் பங்கிடப்படும். 22 கிலோமீட்டருக்கு 55 நிமிடம் என்றால் கிலோமீட்டருக்கு இரண்டரை நிமிடம். அரியாங்குப்பத்திலிருந்து கடைசி 5 கிலோமீட்டருக்கு 12.5 நிமிடம் கிடைக்கும். நிஜத்தில் அங்கே 18 வேண்டும். மீதி 17 கிலோமீட்டருக்கு 42.5 கிடைக்கும், ஆனால் 37 போதும். ஆகவே நெடுஞ்சாலையில் ஐந்து நிமிடம் சும்மா நிற்பீர்கள், டவுனில் அதே ஐந்து நிமிடத்தைத் துரத்துவீர்கள். மொத்தம் சரியாக இருந்தும் மதிப்பெண் விழுவது இதனால்தான்.

மருந்து எளிது. அரியாங்குப்பத்துக்கு வருகை நேரத்தைக் கையால் 37-வது நிமிடம் என்று பதியுங்கள், மீதியை விளையாட்டு இடையில் பங்கிடட்டும். தேவைப்பட்டால் ஆல்பேட்டைக்கும் ஒன்று வையுங்கள். அதற்கு மேல் வேண்டாம். எல்லா நிறுத்தத்துக்கும் கையால் போட்டால் பிறகு திருத்தவே முடியாது.

கூட்டம் வேறுபடும் நேரத்துக்கு ஒரே டிரிப்பில் இரண்டாவது ப்ரொஃபைல், அதாவது இன்னொரு ஓட்ட நேரக் கணக்கு, சேர்க்கலாம். விடியற்காலைக்கு 48, காலை எட்டு மணிக் கூட்டத்துக்கு 60 என்று. எந்த நடை எந்த ப்ரொஃபைலில் ஓடும் என்பதை `.ttl` கோப்பில், டூரில், அதாவது ஒரு வண்டியின் நாள் ஓட்டத்தில், குறிக்க வேண்டும்.

டபுள்விசில்:
நேரத்தைக் கூட்டிக்கொண்டே போனால் வண்டி எண்ணிக்கையும் கூடுமே. 15 நிமிடத்துக்கு ஒரு வண்டி என்றால்?

மரப்பாலம் சிக்னல்:
கேட்க வேண்டிய கேள்வி. போக 55, வர 55, ஆக 110. எட்டு வண்டி என்றால் சுற்று 120 நிமிடம், இரண்டு முனையிலும் ஐந்தைந்து நிமிட ஓய்வு. எட்டு நிமிடம் தாமதமாக வந்தால் அடுத்த நடையும் மூன்று நிமிடம் தாமதமாகவே கிளம்பும். ஒன்பது வண்டி என்றால் 135 நிமிடம், ஓய்வு 12 நிமிடம் சொச்சம், அந்த எட்டும் அதற்குள் கரைந்துவிடும். கணினி வலுவில்லாதவர்களுக்கு ஒன்பதாவது வண்டி சுமைதான். அப்போது எட்டு வண்டியை வைத்து 17 நிமிடத்துக்கு ஒன்று என்று விடுங்கள், சுற்று 136 ஆகிவிடும்.

குறிஞ்சிப்பாடி செல்வி:
டிக்கெட் விலை பற்றி யாரும் பேசவில்லையே. பெண்களுக்கு இலவசம் வைக்கலாமா?

டபுள்விசில்:
அக்கா, 2021 மே மாதம் தமிழ்நாட்டில் அது சாதாரண நகரப் பேருந்துக்குத்தான் வந்தது. இது ஊர் விட்டு ஊர் போகும் வண்டி. கடலூருக்குள் ஓடும் டவுன் பஸ் ரூட் செய்தால் வையுங்கள்.

மரப்பாலம் சிக்னல்:
விலைக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் 2018-ல் கட்டணம் உயர்ந்து, பிறகு சற்றுக் குறைத்தபோது சாதாரணப் புறநகர் வண்டிக்குக் கிலோமீட்டருக்கு 58 பைசா. 22 கிலோமீட்டருக்கு 13 ரூபாய் அருகில். ஆனால் OMSI-யில் டிக்கெட்டுக்கு விலையோடு கொடுப்பது அதிகபட்ச நிறுத்த எண்ணிக்கை, கிலோமீட்டர் இல்லை. நான்கு நிறுத்தம் என்பது புதுச்சேரிக்குள் மூன்று கிலோமீட்டர், கன்னியகோயில் பக்கம் எட்டு. ஸ்டேஜ் கட்டணத்தை அப்படியே கொண்டுவர முடியாது.

நான் செய்தது இதுதான்: நான்கு நிறுத்தம் வரை 5 ரூபாய், ஒன்பது வரை 10, அதற்கு மேல் 15. நிஜம் இல்லைதான். ஆனால் 7, 13 என்று வைத்தபோது சில்லறை எண்ணுவதிலேயே ஆளுக்கு ஐந்து ஆறு விநாடி கூடியது. விலையை ஐந்தின் மடங்காக்கியதும் நிறுத்த நேரம் குறைந்தது. டிக்கெட் விலைகூடக் கடைசியில் நேரக் கணக்கில்தான் போய் நிற்கிறது.

டபுள்விசில்:
அதற்குத்தானே டிக்கெட்டையே எடுக்கச் சொன்னேன்!

மரப்பாலம் சிக்னல்:
எடுத்தால் டிக்கெட் விற்பனையே இருக்காது. பயணிகள் இரண்டு விநாடியில் உள்ளே போய்விடுவார்கள். நம் ஊர் வண்டியில் படிக்கட்டுக் கூட்டம் உள்ளே ஏறும் நேரம் அதைவிட அதிகம். கண்டக்டர் முடித்து விசில் அடிக்கும்வரை நிற்பதும் உண்டு. சுழியம் போட்டால் அதுவும் பொய்யாகிவிடும். பத்தில் ஒருவர் வாங்குவதாக வையுங்கள்.

டபுள்விசில்:
பத்தில் ஒருவர் டிரைவரிடம் வாங்குவதுதான் பெரிய பொய். நான் சுழியத்தில்தான் ஓட்டுவேன். வேண்டுமானால் நிறுத்த நேரத்தை நானே கையால் கூட்டிக்கொள்கிறேன்.

முள்ளோடை:
தம்பிகளே, மகன் கேட்கிறான், 55 நிமிடம் என்பது மழை நாளுக்கும் சேர்த்தா?

மரப்பாலம் சிக்னல்:
இல்லை அய்யா. மழைக்கு ஒரு ப்ரொஃபைல் தனியாகத்தான் போட வேண்டும். அதை நான் இன்னும் சரியாக ஓட்டிப் பார்க்கவில்லை.

கெடிலக்கரை:
நேற்றிரவு 55 போட்டு, அரியாங்குப்பத்தில் 37-ஐப் பதிந்து ஓட்டினேன். மூன்று நடையில் அதிகபட்சத் தாமதம் இரண்டு நிமிடம். திட்டு கேட்டது ஒரே முறை, அதுவும் பேருந்து நிலையத்துக்குள் திரும்பும்போது நான் 22-ல் போனதால். டிக்கெட் பங்கை ஐந்தில் ஒன்று என்று வைத்திருக்கிறேன், இருவருக்கும் பிடிக்காது என்று தெரியும்.